ஒரு சந்தைப் படத்திலிருந்து எட்டுப் பக்கக் கதைப்புத்தகம்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையோரம் ஓர் ஊர்ச் சந்தை. சித்தப்பா மகள் அதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மாலையில் எங்கள் தெருத் திண்ணைக்கு வாசிக்க வரும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இதை வைத்து ஒரு கதை செய்து தர வேண்டும் என்பது அவள் ஆசை. படத்தில் இல்லாதது இல்லை. மீன், கருவாடு, குண்டு மிளகாய், ஓலைப்பெட்டி, கருப்பட்டி, தராசு, டீக்கடை, வேப்பமரம், ஆடு, எங்கே பார்த்தாலும் ஆட்கள். கூட்டமான படத்தை வைத்துக் கதை எழுதுவதில் உள்ள சிக்கலே இதுதான். எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் "அங்கே மீன் விற்றார்கள், இங்கே மிளகாய் விற்றார்கள்" என்று ஒரு பட்டியல்தான் மிஞ்சும். பிள்ளைகள் அதைக் கேட்பார்கள், ஆனால் நடுவில் ஒருவரும் "அப்புறம்?" என்று கேட்க மாட்டார்கள். கதை ஓடுகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அந்தக் கேள்விதான்.

முதல் வேலையாகப் படத்தை ஏ4 தாளில் வண்ணத்தில் அச்செடுத்தேன். கைபேசித் திரையில் பார்த்தால் விரல் தானாகவே பெரிதாக்கிப் பெரிதாக்கி, நமக்குப் பிடித்த இடத்திலேயே போய் நிற்கும். தாளில் அப்படி இல்லை. ஒரு கெட்டி அட்டையில் தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்தச் சன்னலைப் படத்தின் மேல் வைத்து இடது ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சன்னலுக்குள் தெரிவதை மட்டும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஊகம் கூடாது. "பாட்டி கவலையோடு இருக்கிறார்" என்று எழுதக் கூடாது, "பாட்டி மேலே பார்க்கிறார்" என்றுதான் எழுத வேண்டும். கவலை என்று எழுதிவிட்டால் கதையை அப்போதே முடிவுசெய்துவிட்டோம் என்று ஆகிவிடும். மேலே பார்க்கிறார் என்று எழுதினால்தான், எதைப் பார்க்கிறார் என்ற கேள்வி வரும்.

அப்படித்தான் வந்தது. படத்தின் நடுவில் கொஞ்சம் கீழே, ஒரு நீலத் தார்ப்பாயின் அடியில் ஒரு பாட்டி சாக்கை விரித்துச் சின்ன வெள்ளி மீன்களைக் கூறு கட்டி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சிறுமி குத்தவைத்து உட்கார்ந்து, மீனுக்கு மேலே உள்ளங்கையை விரித்து நீட்டியிருக்கிறாள். முழுப் படத்தைப் பார்க்கும்போது ஈ ஓட்டுகிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். சன்னலை அங்கே நிறுத்திப் பார்த்தபோது அவள் கையின் முதுகில் ஒரு வெளிச்சத் திட்டு தெரிந்தது. கொஞ்சம் மேலே நகர்த்தினால் தார்ப்பாயில் ஒரு கிழிசல். ஓட்டை வழியாக இறங்கும் வெயில் மீனில் படாமல் அவள் கையால் மறைக்கிறாள்!

இதை எடுத்துக்கொண்டேன். ஆட்டையும் தராசையும் விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கேள்வி படத்திலேயே இருக்கிறது, அதாவது "அந்தப் பிள்ளை ஏன் கையை நீட்டிக்கிட்டு இருக்கு?" என்று ஐந்து வயதுப் பிள்ளை தானாகவே கேட்கும். பதிலும் படத்திலேயே இருக்கிறது, தார்ப்பாய் ஓட்டையை விரல் வைத்துக் காட்டிவிடலாம். நாம் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து விளக்க வேண்டியதில்லை. ஆடு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என்ன செய்யப் போகிறது என்பதற்குப் படத்தில் ஒரு தடயமும் இல்லை. நான்தான் கற்பனை செய்ய வேண்டும், அப்படியானால் இந்தப் படம் எதற்கு?

கேள்வி கிடைத்ததும் கதை கிடைத்துவிடாது. சிக்கலைத் தீர்க்கும் வழியும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அதைச் சிறுமியே கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் வந்து தார்ப்பாயைத் தைத்துக் கொடுத்தால் கதை முடிந்துவிடும், ஆனால் கேட்கும் பிள்ளைக்கு அதில் வேலை ஒன்றும் இல்லை. அதனால் அந்த வெயில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆட்களின் நிழல் எல்லாம் படத்தில் இடது பக்கம் நீண்டு விழுகிறது. காலையில் எடுத்த படம் என்பதால் சூரியன் கிழக்கே, நிழல் மேற்கே. ஆகவே படத்தின் இடது பக்கம் மேற்கு, வலது பக்கம் கிழக்கு. ஓட்டை வழியாக விழும் வெயிலும் நிழலைப் போலத்தான், காலையில் ஓட்டைக்கு மேற்கே தள்ளி விழும். சூரியன் ஏற ஏற அது கிழக்கு நோக்கி நகர்ந்து ஓட்டைக்கு நேர் கீழே வரும், மதியத்துக்குப் பிறகு இன்னும் கிழக்கே போகும். சூரியன் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்வதால், தார்ப்பாய் எட்டடி உயரத்தில் இருந்தால் உச்சி நேரத்தில்கூட அந்தத் திட்டு ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டடி நகரும். காலையில் இன்னும் வேகம். மீன் கூறுகள் ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளியில் இருக்கின்றன. ஒரு சந்தை நேரத்துக்குள் வெயில் ஒவ்வொரு கூறாகத் தாண்டிப் போகும். ஆக, சிறுமியின் எதிரி ஓர் இடத்தில் நிற்பதில்லை. கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம் சன்னலை இடது பக்கம் நகர்த்தினேன். அதே தார்ப்பாயின் மேற்கு ஓரத்தில், பாட்டிக்கு அடுத்து, ஒருவர் சாக்கில் மிளகாய் வற்றலைக் குவித்து வைத்திருக்கிறார். எல்லாம் குட்டி உருண்டைகள், நம் ஊர் முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது இதுதான். இங்கேதான் கதை முழுதாகக் கூடி வந்தது. மீனுக்கு நிழல் வேண்டும், வெயில் பட்டால் கண் மங்கி, உடம்பு தளர்ந்துவிடும். மிளகாய்க்கு வெயில் வேண்டும், கடற்காற்றில் வைத்திருந்தால் நமத்துப்போகும். வெயில் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது என்றால், மிளகாயைத் தாண்டித்தான் அது மீனுக்கு வந்திருக்க வேண்டும். தாண்டிப் போன இடத்துக்கு அது அன்றைக்குத் திரும்பி வராது. இரண்டு பேரும் இடம் மாறினால் போதும், யாரும் எதையும் தைக்க வேண்டாம், வாங்க வேண்டாம். இதைக் கவனித்துக் கண்டுபிடிக்க ஆறு வயது போதும்.

தீர்வுக்கு முன்னால் அவள் எதையாவது முயன்று பார்க்க வேண்டும், அது உண்மையான காரணத்தால் தோற்க வேண்டும். கையால் மறைப்பது படத்திலேயே இருக்கிறது. கை வலிக்கும் என்பதும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொரு முயற்சிக்குப் படத்தின் வலது ஓரத்தில் அடுக்கியிருந்த ஓலைப்பெட்டியை எடுத்தேன். பெட்டியைக் கவிழ்த்து மூடினால் வெயில் படாதே! இது ஏன் சரிவராது என்பதைத் திண்ணைப் பிள்ளைகளிடமே கேட்டேன். மீன்காரர் வீட்டுப் பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை. "மூடி வச்சா யாரு வந்து வாங்குவா?" என்றான். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். காற்றில் பெட்டி பறந்தது, காக்கா தூக்கிக்கொண்டு போனது என்றெல்லாம் எழுதலாம், ஆனால் அவை தற்செயல். தற்செயலில் தோற்றால் "இன்னொரு தடவை வைக்க வேண்டியதுதானே" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

மீனுக்குப் பெயர் வைக்கும் முன் படத்தைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் காட்டினேன். அவர் மீன் விற்றவர், பார்த்ததும் சாளை என்றார். கடலோரப் பிள்ளைகளுக்கு எழுதும்போது "மீன்" என்று பொதுவாகச் சொல்லிப் போக முடியாது. "என்ன மீனு?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் இப்படி அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எழுதும்போது ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில், ஆட்கள் பேசுவது மட்டும் ஊர்ப் பேச்சில். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழின் வடிவங்கள் கண்ணில் பட வேண்டும், ஆனால் அப்பத்தா "வெயில் பட்டால் மங்கிவிடும்" என்று பேசினால் அது அப்பத்தா ஆகாது. வரிகளில் வினை எச்சங்களை அடுக்கக் கூடாது என்பதையும் கவனித்தேன். முதல் வடிவில் "வேணி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து மீன் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்" என்று ஒரு வரி இருந்தது. வாய்விட்டு வாசித்தால் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது. "வேணி ஓடினாள். பெட்டி வாங்கினாள். டொப்! மீன் மேல் பெட்டி." இப்படி உடைத்ததும் பிள்ளைகள் 'டொப்'பை என்னோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

புத்தகத்தின் வடிவம் கதையின் நீளத்தை முடிவுசெய்தது. ஒரே ஏ3 தாளை எட்டாக மடித்தால் தையலும் பசையும் இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். ஒவ்வொரு பக்கமும் 10.5 சென்டிமீட்டர் அகலம், 14.8 சென்டிமீட்டர் உயரம். முன்அட்டை, பின்அட்டை போக ஆறு பக்கம் கதைக்கு. பாதிப் பக்கம் படத்துக்கு விட்டால், கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்கு முப்பது, நாற்பது சொல் பிடிக்கும். அதற்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும், புதிதாக வாசிக்கிற கண்ணுக்கு ஆகாது. இதில் இன்னொன்றும் உண்டு. இந்த மடிப்பில் ஒன்றும் இரண்டும் எதிரெதிரே வரும், மூன்றும் நான்கும், ஐந்தும் ஆறும் அப்படியே. தாள் புரட்டுவது இரண்டாம் பக்கத்தின் முடிவிலும் நான்காம் பக்கத்தின் முடிவிலும்தான். எனவே கேள்விகள் அந்த இரண்டு இடத்தில் வந்து நிற்க வேண்டும், பதில் தாளுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

கடைசியாக நின்ற வடிவம் இது.

வேணியும் வெயில் பொட்டும்

1
அப்பத்தா சாக்கை விரித்தார். சாளையைக் கூறு வைத்தார். ஒரு கூறு, இரண்டு கூறு, மூன்று கூறு. மேலே நீலத் தார்ப்பாய். தார்ப்பாயில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக வெயில் எட்டிப் பார்த்தது. பொத்தென்று குதித்தது. முதல் கூறில் உட்கார்ந்தது.

2
"ஐயையோ, வெயில் பட்டா மீனு கண்ணு மங்கிருமே!" என்றார் அப்பத்தா. வேணி கையை நீட்டினாள். வெயில் பொட்டு கையில் ஏறிக்கொண்டது. கை சுட்டது. கை வலித்தது. இந்தக் கை மாற்றி அந்தக் கை. அந்தக் கை மாற்றி இந்தக் கை. எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்?

3
வேணி ஓலைப்பெட்டி ஆச்சியிடம் ஓடினாள். "ஆச்சி, ஒரு பெட்டி தாங்க!" டொப்! மீன் மேல் பெட்டி. பெட்டி மேல் வெயில். ஓர் அக்கா வந்தார். இங்கே பார்த்தார். அங்கே பார்த்தார். "இன்னைக்கு மீனு இல்லையா?" போய்விட்டார். வேணி பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

4
திரும்பி வந்து பார்த்தால், முதல் கூறில் வெயில் இல்லை! இரண்டாம் கூறில் உட்கார்ந்திருந்தது. "அப்பத்தா, இது நகருது!" பக்கத்தில் மிளகாய் மாமா சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "காலையில இங்கதான் வெயில் நின்னுச்சு. இப்ப போயிருச்சு. மிளகாய் நமத்துப்போகுதே." வேணி மிளகாயைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்று தோன்றியது. என்ன?

5
"மாமா, நீங்க இங்க வாங்க! அப்பத்தா, நீ அங்க போ!" ஒரு சாக்கை இந்தப் பக்கம் இழு. ஒரு சாக்கை அந்தப் பக்கம் இழு. சர்ர்ர்... சர்ர்ர்... மீன் அங்கே போனது. மிளகாய் இங்கே வந்தது.

6
வெயில் பொட்டு மிளகாய் மேல் ஏறியது. மாமா ஒரு மிளகாயை எடுத்து வேணியின் காதருகே ஆட்டினார். கிலுகிலு! "காஞ்சிருச்சு!" அப்பத்தா நிழலில் உட்கார்ந்து மீன் விற்றார். வேணி வெயில் பொட்டைப் பார்த்துக் கேட்டாள். "அடுத்து எங்க போவ?"

நான்காம் பக்கக் கடைசியில் "என்ன?" என்று கேட்டுவிட்டு நான் தாளைப் புரட்டாமல் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் சொல்லட்டும். தார்ப்பாயைத் தைக்கலாம் என்பார்கள், குடை பிடிக்கலாம் என்பார்கள். இடம் மாறலாம் என்று ஒருவராவது சொல்லிவிட்டால் தடயங்கள் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றன என்று அர்த்தம். ஒருவருமே சொல்லவில்லை என்றால் மாமாவின் பேச்சில்தான் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "காலையில இங்கதான் வெயில் நின்னுச்சு" என்ற வரி இல்லாத வடிவத்தை வாசித்தபோது, வெயில் திரும்பி வந்துவிடுமே என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். வெயில் ஒரு திசையில்தான் போகிறது என்பதற்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம். காய்ந்த முண்டு மிளகாயை ஆட்டினால் விதை உள்ளே கிலுகிலுவென்று சத்தம் போடும். வாசிக்கும்போது நாலைந்து மிளகாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் ஆறாம் பக்கத்தில் உதவும். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், அந்தக் கையால் கண்ணைத் தொட்டுவிடுவார்கள்.

படங்களுக்கு அச்சுத் தாளைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் கோடு எடுத்தேன். பகல் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் கோடு நன்றாகத் தெரியும். கூறுகள், சாக்கு, தார்ப்பாய்க் கயிறு, பெட்டி அடுக்கு எல்லாவற்றையும் அப்படியே எடுக்கலாம். ஆட்களின் முகத்தை மட்டும் எடுக்கவில்லை. அந்தச் சிறுமி எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது, அவளைக் கேட்காமல் அவள் முகத்தைப் புத்தகத்தில் போடக் கூடாது. வேணியை முதுகுப்பக்கமிருந்து, இரட்டைச் சடையோடு வரைந்தேன், பாவாடை நிறத்தையும் மாற்றினேன். பெயரும் நான் வைத்ததுதான். பிள்ளையின் கண் உயரத்திலிருந்து வரைந்தால் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல் பக்கத்தில் இடமே இருக்காது, அதனால் முகச் சிக்கல் பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

மடிக்கும் முறை. ஏ3 தாளைக் கிடைமட்டமாக வைத்து, மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டுக் கட்டமாக மடித்துப் பிரிக்க வேண்டும். கீழ்வரிசையில் இடமிருந்து வலமாகப் பின்அட்டை, முன்அட்டை, 1, 2. மேல்வரிசையில் வலமிருந்து இடமாக 3, 4, 5, 6, இவை நான்கும் தலைகீழாக. தாளின் நடுக்கிடை மடிப்பில், நடு இரண்டு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் வெட்ட வேண்டும். அப்புறம் நீளவாட்டில் பாதியாக மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் விரிந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்தால் புத்தகம். முதலில் எழுத்தில்லாத தாளில் மடித்து, பக்கங்களுக்கு எண் போட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டால் எந்தக் கட்டம் தலைகீழ் என்ற குழப்பம் வராது.

முன்அட்டையும் முதல் பக்கமும் ஒரே இதழின் இரண்டு முகங்கள். இரண்டிலும் மேலே நடுவில் தார்ப்பாய் வருகிற மாதிரி வரைந்து, மடித்த பிறகு காகிதம் துளைக்கும் கருவியின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்து அந்த இடத்தில் ஒரு துளை போட்டேன். தார்ப்பாய் ஓட்டை இப்போது உண்மையான ஓட்டை. புத்தகத்தை வெயிலில் விரித்து, அந்த இதழை மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால், இரண்டாம் பக்கத்தில் வரைந்திருக்கும் மீன் கூறில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு விழும். இதழைக் கொஞ்சம் சாய்த்தால் பொட்டு அடுத்த கூறுக்குப் போகும். இதழ் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போனால் பொட்டின் ஓரம் கலங்கும், அதனால் தாழப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மெல்லிய தாளாக இருந்தால் சுற்றியுள்ள நிழல் வெளுத்துப் பொட்டு எடுபடாது, இதழின் இரண்டு மடிப்புக்கும் நடுவில் ஒரு பழைய காலண்டர் அட்டைத் துண்டைச் செருகி, துளையை அதிலும் போட்டுவிட்டால் சரியாகிவிடும். மேகமூட்டத்திலும் மாலையிலும் கைபேசி டார்ச்சை ஓரடி மேலே பிடித்தால் போதும். அப்போது இதழை அசைக்காமல், டார்ச்சைப் பிடித்திருக்கும் பிள்ளையை அதை மேற்குப் பக்கமாக மெதுவாக நகர்த்தச் சொன்னால் பொட்டு கிழக்கே நகரும்.